ஆல்மூட்டுக்கு முதல் வண்டி: நாலு வரி வெண்பாவில் தளை எங்கே தட்டுது?

மலையடி:
குலசேகரம் பக்கத்து மலையடிவார ஊர். இதுவரை வண்டி ஏற மெயின் ரோட்டுக்கு நடக்கணும். வாற திங்கக்கிழமை முதல் காலையில 6:10-க்கு ஊருக்குள்ள ஆல்மூட்டில இருந்தே மார்த்தாண்டத்துக்கு நேரடி வண்டி. முதல் நாள் வண்டி முன்னால மைக்கில வாசிக்க ஒரு வெண்பா வேணும்னு கேட்டிருக்காங்க. அதையே ஃபிளெக்ஸிலும் போடணும். நேரிசை வெண்பாவா எழுதிப் பார்த்தது இது:

ஆறுமணி பத்துக்கு ஆல்மூட்டில் வந்துநின்ற
சேறுபட்ட பேருந்தில் ஏறிநின்றோம் – நூறுபேர்
நாலுமைல் நடந்த கால்கள் இன்றைக்கு
மேலேறி நிற்கும் மகிழ்ந்து.

மூணாவது வரி வாசிக்கும்போது நாக்குல இடிக்குது. காரணம் பிடிபடல. மத்த வரியிலும் குறை இருந்தா சொல்லுங்க.

ரப்பர்காடு:
மூணாவது வரிக்கு முன்னாலேயே தப்பு தொடங்கிருச்சு. முதல் சீரைப் பாருங்க. ஆ - று - மணி. நேர், நேர், நிரை. அப்படின்னா தேமாங்கனி. வெண்பாவுல கனிச்சீர் வரவே கூடாது. ஆறுமணியை எடுத்துட்டு வேற போடுங்க.

திங்கள்சந்தை:
நல்ல விஷயம். எங்க பக்கமும் இப்படி ஒரு தடத்தை நீட்டிக்க மனு கொடுக்கணும். 6:10 வண்டி தினமும் உண்டா, ஞாயித்துக்கிழமையும் ஓடுமா? மனுவை யாரு பேருக்கு எழுதணும்?

அசைபிரிப்பான்:
திங்கள்சந்தை, இங்க பேசுறது பாட்டைப் பத்தி. தடம் நீட்டிக்கிற மனுவுக்குத் தனி இழை போடுங்க, தெரிஞ்சவங்க வருவாங்க.

ரப்பர்காடு சொன்ன விதி சரிதான், வெண்பாவில் கனி வராது. ஆனா ஆறுமணி கனியே இல்லை. நீங்க பொருளைப் பார்த்து ஆறு, மணி என்று வெட்டியிருக்கீங்க. அசை பிரிக்கும்போது சொல் எங்கே முடியுதுன்னு பார்க்கக் கூடாது, எழுத்து வர்ற வரிசையைத்தான் பார்க்கணும். 'ஆ' தனி நெடில், நேர். அடுத்து 'று', 'ம' ரெண்டும் குறில், பக்கத்துல பக்கத்துல நிக்குது, ஒற்றும் இல்லை. ரெண்டும் சேர்ந்து ஒரே நிரை. மிச்சம் 'ணி', நேர். ஆ/றும/ணி, கூவிளங்காய். சுத்தமான வெண்பாச் சீர். கூட்டுச்சொல் வரும்போதெல்லாம் இந்தத் தவறு நடக்கும். 'சேறுபட்ட'வையும் சேறு, பட்ட என்று வெட்டினா நாலசை போலத் தெரியும். சே/றுபட்/ட என்று வெட்டினாத்தான் அதே கூவிளங்காய்.

மூணாவது வரிக்கு வருவோம். மா என்று முடிஞ்சா அடுத்த சீர் நிரையில தொடங்கணும். விளமோ காயோ முடிஞ்சா நேரில் தொடங்கணும். வெண்பாவின் ஓட்டம் முழுக்க இந்த ரெண்டில்தான் நிக்குது. நாலுமைல் கூவிளம், அடுத்து நேர் வேணும். வந்திருக்கிறது நடந்த, அது நிரை. நடந்த புளிமா, அடுத்து நிரை வேணும். வந்திருக்கிறது கால்கள், அது நேர். கால்கள் தேமா, மறுபடி நிரை வேணும், வந்தது இன்றைக்கு. ஒரே வரியில மூணு இடத்துல தட்டுது. நீங்க பேச்சுல எப்படிச் சொல்வீங்களோ அதே வரிசையில வச்சதால வந்த வினை.

இதைச் சரிபண்ண ரெண்டே மாற்றம் போதும். நாலுமைலுக்குப் பின்னால 'தூரம்' வையுங்க. விளத்துக்கு வேண்டிய நேர் கிடைச்சுது. தூரம் தேமா, அதனால நிரை கேட்கும், நடந்தவுக்குத் தானே வழி திறக்கும். அடுத்து 'கள்' வேண்டாம். நடந்த, கால் ரெண்டையும் ஒரே சீரா ஒட்டுங்க: நடந்/தகால், கருவிளம். அதுக்கு அடுத்து நேர் வேணும், இன்றைக்கு தயாரா நிக்குது. வரி இப்படி ஆகும்:

நாலுமைல் தூரம் நடந்தகால் இன்றைக்கு

நா, ந என்று முதல் சீருக்கும் மூணாவது சீருக்கும் மோனையும் தானே விழுந்துருச்சு. இனி வாசிச்சுப் பாருங்க, நாக்கு இடிக்காது.

ரப்பர்காடு:
ஆறுமணி விஷயம் ஒத்துக்கிறேன், அண்ணே. அப்போ முதல் வரி குறையில்லாம இருக்கா?

அசைபிரிப்பான்:
இல்லை. எழுதிப் பார்த்தா சரி, வாய்விட்டுச் சொன்னா தப்பு. பத்துக்கு என்று எழுதினா பத்/துக்/கு, தேமாங்காய். அடுத்து ஆல்மூட்டில், நேரில் தொடங்குது. தாளில் எல்லாம் பொருந்தும். ஆனா 'பத்துக்கு'வின் கடைசி உ குற்றியலுகரம். அடுத்து உயிரெழுத்து வந்தா அது நிக்காது, ஓடிரும். சேர்த்துச் சொன்னா 'பத்துக்கால்மூட்டில்'. இப்போ பத்துக் வெறும் தேமா, அடுத்து கால் என்ற நேர். மாவுக்கு முன்னால நேர் வந்தா அது ஆசிரியத்தளை.

மலையடி, இதுல தளையை விடப் பெரிய ஆபத்து வேற. மைக்கில சேர்த்து வாசிக்கும்போது ஜனங்க காதுல விழுறது 'பத்துக் கால் மூட்டில்'. பத்துக் காலும் ஒரு மூட்டும்தான் கேட்கும், ஆலமரத்து மூடு கேட்காது.

மலையடி:
அய்யோ, அது தோணவே இல்ல. அப்போ ஆல்மூட்டை மாத்தணுமா? ஊர்க்காரங்களுக்கு அந்தப் பேரு வரணும்.

அசைபிரிப்பான்:
ஆல்மூட்டைத் தொடவே வேண்டாம். ஆறுமணிக்கு அது மோனை, விட்டுடாதீங்க. 'பத்துக்கு' என்பதை 'பத்துக்கே' ஆக்குங்க. ஏ நெடில், அது ஓடாது. நடுவுல ஒரு யகரம் வந்து உட்காரும், பத்துக்கே யால்மூட்டில். யால் நேர்தான், தளை நிக்குது. பொருளும் கூடும்: சொன்ன நேரத்துக்கே வந்து நின்னுதுன்னு அந்த ஒரு ஏகாரம் சொல்லிரும்.

மேடைக்குரல்:
அந்த ஏகாரத்துல மட்டும் ஒரு எச்சரிக்கை. முதல் நாள் கொடியசைக்க ஆள் வந்து, பேசி முடிச்சு வண்டி கிளம்ப 7 மணி ஆனா, 'பத்துக்கே' என்று வாசிக்கிறது கூட்டத்துக்குச் சுருக்குன்னு படும். வரியில சொல்றது வண்டி வந்து நின்ற நேரம், கிளம்பின நேரம் இல்லை. வண்டியை 6:10-க்கு ஆல்மூட்டில கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி வையுங்க, விழா அப்புறம் நடக்கட்டும்.

இன்னொண்ணு, நூறுபேர். டவுன் வண்டியில ஐம்பது சொச்சம் இருக்கைதான். மலையடிவார ஊர்ல காலை ஆறு மணிக்கு முதல் ஸ்டாப்பில நூறு பேர் ஏறினதா வாசிச்சா, கேட்டு நிக்கிறவங்களே எண்ணிப் பார்ப்பாங்க. எதுகைக்காக வந்து உட்கார்ந்த சொல் அது.

அசைபிரிப்பான்:
உண்மை. தனிச்சொல் பெரும்பாலும் இப்படித்தான் கெடும். முதல் ரெண்டு வரியோட எதுகை அதுல வந்தாகணும் என்பதால கையில கிடைச்ச று-வைத் தூக்கி வச்சிருவோம். இந்த வரியில இன்னொரு குறையும் இருக்கு. இங்க 'ஏறிநின்றோம்', நாலாவது வரியில 'மேலேறி நிற்கும்', முதல் வரியில 'வந்துநின்ற'. நாலு வரிக்குள்ள ஏறுறது ரெண்டு, நிக்கிறது மூணு. பதினஞ்சு சீர் இருக்கிற பாட்டுல இவ்வளவு வீணாக்க முடியாது.

ரப்பர்காடு:
ஏறிநின்றோம் இடத்துல 'டிக்கெட்' வரலாமா? முதல் டிக்கெட் எடுத்ததுதான் அந்த நாள்ல நடந்த காரியம்.

அசைபிரிப்பான்:
நல்ல யோசனை. டிக்கெட் எடுத்தோம் என்று போட்டா ரெண்டு சீர் ஆகிப்போகும், தனிச்சொல்லுக்கு இடம் இருக்காது. 'சீட்டெடுத்தோம்' போடுங்க. சீட்/டெடுத்/தோம், கூவிளங்காய். சேறுபட்டவுக்கு மோனையும் ஆச்சு. பெண்களுக்குச் சாதாரண டவுன் வண்டியில 2021 மே மாசத்துல இருந்து கட்டணம் இல்ல, ஆனாலும் கண்டக்டர் சீட்டு கொடுப்பாரு. அதனால ஏறுற எல்லாருக்கும் சொல் பொருந்தும்.

தனிச்சொல்லுக்கு: வேறென்ன. வே/றென்/ன, தேமாங்காய். ஆறு, சேறு, வேறு என்று எதுகை நேரா நிக்குது. அடுத்த வரி நாலுமைல் நேரில் தொடங்குறதால தளையும் கெடாது.

கும்மிக்காரி:
என் கேள்வி வேற. ஊர்ப் பெண்கள் ஆரத்தி எடுத்து வண்டியைச் சுத்தி நிப்பாங்க. அவங்க கைதட்டிப் பாட வெண்பா உதவாது. கும்மிதான் வேணும். நான் எங்க ஊர்ப் பாலம் திறந்தப்போ கும்மிதான் கட்டிக் கொடுத்தேன், எல்லாரும் கூடவே பாடினாங்க.

அசைபிரிப்பான்:
ஒத்துக்கிறேன், அக்கா. வெண்பாவுக்குச் செப்பலோசை. ஒருத்தர் சொல்ல மத்தவங்க கேட்கிற பாட்டு அது. கைதட்டுக்குச் சமமா விழுகிற இடம் அதுல இல்ல. ஃபிளெக்ஸிலும் மைக்கிலும் வெண்பா, ஆரத்திக்குக் கும்மி, ரெண்டும் இருக்கட்டும். மலையடி கேட்டது முதலாவது.

கும்மிக்காரி:
அப்போ இதையும் கேளுங்க. கடைசிச் சொல் 'மகிழ்ந்து'. எந்தத் திறப்பு விழாப் பாட்டிலும் அதுதான் இருக்கும். நடந்து வந்த கால் வண்டியில ஏறினா என்ன செய்யும்? ஆறும். 'செத்த நேரம் இருந்து கால் ஆறட்டும்'னுதானே நாம சொல்லுவோம். அந்தச் சொல் வரட்டும்.

அசைபிரிப்பான்:
மேலேறி ஆறும் அமர்ந்து.

சரிபார்த்துட்டேன். மேலேறி தேமாங்காய். அடுத்து ஆறும், சேர்த்துச் சொன்னா யாறும், நேர். ஆறும் தேமா, அடுத்து நிரை வேணும். அமர்ந்து, சேர்த்துச் சொன்னா 'ஆறு மமர்ந்து', மமர்ந் நிரைதான். ஈற்றுச் சீர் நிரையும் குற்றியலுகரமும், பிறப்பு வாய்பாடு. அக்கா, நீங்க கவனிச்சீங்களா, பாட்டு 'ஆறுமணி'யில தொடங்கி 'ஆறும்'ல முடியுது. மணிக்கு ஓர் ஆறு, காலுக்கு ஓர் ஆறு. தேடிப் போனா இது கிடைக்காது.

ரப்பர்காடு:
ஒரு சந்தேகம். கால் எப்படி அமரும்? ஆளுதானே அமர்வாங்க?

அசைபிரிப்பான்:
இலக்கணமாப் பார்த்தா எழுவாய் கால், வினை அமர்ந்து ஆறும். உறுப்பின் மேல் ஆளின் செயலை ஏற்றிச் சொல்றது நம்ம பேச்சுல உண்டு, 'கால் ஊரைச் சுத்துது', 'கை சும்மா இருக்காது' மாதிரி. எனக்கு இடறல. உங்களுக்கு இடறினா அது நியாயமான இடறல்தான். ஆனா மாத்துச் சொல் கையில இல்லாம இதைக் கைவிட எனக்கு மனசில்ல.

மலையடி:
எல்லாம் சேர்த்து எழுதிட்டேன்:

ஆறுமணி பத்துக்கே ஆல்மூட்டில் வந்துநின்ற
சேறுபட்ட பேருந்தில் சீட்டெடுத்தோம் – வேறென்ன?
நாலுமைல் தூரம் நடந்தகால் இன்றைக்கு
மேலேறி ஆறும் அமர்ந்து.

இப்போ இடிக்கல. இதுல ஒரு விஷயம் நானே ஒத்துக்கணும். நாங்க நடக்கிற தூரம் 4 கிலோமீட்டர். மைல்னு போட்டது ஓசைக்காக.

மேடைக்குரல்:
அது சின்ன விஷயம் இல்ல. 4 மைல்னா ஆறரை கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். உங்க தூரம் ரெண்டரை மைல்தான். கேட்கிற ஒவ்வொருத்தரும் அந்த ரோட்டை நடந்து அளந்தவங்க. நூறுபேரை எடுத்த காரணம் இதுக்கும் பொருந்தும்.

அசைபிரிப்பான்:
கிலோமீட்டரை வெண்பாவுக்குள்ள கொண்டுவர முடியும். கிலோ/மீட்/டர், புளிமாங்காய். 'நாலு' தேமா, அடுத்து கிலோ நிரை, சரி. காய்க்கு அடுத்து நேர் வேணும், 'தூரம்' போட்டா வரி நிறைஞ்சு வழியும், 'நடந்தகால்' நிரையில தொடங்கும். அதனால:

நாலு கிலோமீட்டர் தேய்ந்தகால் இன்றைக்கு

தேய்ந்/தகால் கூவிளம், அடுத்து இன்றைக்கு நேர். தளை முழுக்க நிக்குது. போறது நா, ந மோனை. மோனை இல்லாட்டாலும் வெண்பா வெண்பாதான், தளைதான் போகக் கூடாது.

ரப்பர்காடு:
எனக்கு நாலுமைல்தான் பிடிச்சிருக்கு. நாலு மைல்னு சொல்றது ரொம்ப தூரம் என்கிற பொருளில பேச்சு வழக்கு. யாரும் சங்கிலி பிடிச்சு அளக்கப் போறதில்ல. கிலோமீட்டர் என்ற சொல் வரியில கல்லு மாதிரி கிடக்கு.

கும்மிக்காரி:
எனக்கு தேய்ந்தகால் பிடிச்சிருக்கு. நடந்ததைவிடத் தேய்ந்தது கூடுதல் சொல்லுது. செருப்பும் சேர்ந்து தேஞ்சதுதானே.

மேடைக்குரல்:
இன்னொரு சொல், 'சேறுபட்ட'. முதல் நாள் வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, தோவாளை மாலை போட்டு நிறுத்துவாங்க. டிரைவர் காலையில துடைச்ச வண்டியைப் பார்த்துச் சேறுபட்டதுன்னு வாசிச்சா அவருக்கு வருத்தமா இருக்கும்.

ரப்பர்காடு:
'நாறுமலர்ப் பேருந்தில்' போடலாமே. நா/றும/லர்ப், கூவிளங்காய். எதுகையும் சரி. மாலை போட்ட வண்டிக்கும் பொருத்தம்.

அசைபிரிப்பான்:
அசை சரி, பழைய பொருளும் சரி, நாறுமலர் மணக்கிற பூதான். ஆனா இன்னைக்கு நாறுது என்றா என்ன பொருள்னு சொல்ல வேண்டாம். மைக்கில வாசிச்ச அடுத்த நொடி கூட்டம் சிரிக்கும், மிச்ச ரெண்டு வரி யாருக்கும் கேட்காது. அகராதிக்குச் சரியான சொல் காதுக்குச் சரியா இருக்கணும்னு இல்ல. அதோட 'சேறு' போனா சீட்டெடுத்தோமுக்கு இருந்த மோனையும் போகும்.

சேறுபட்ட என்பதை நான் விட மாட்டேன். கழுவி நிறுத்தினாலும் வண்டி வந்த வழி மண் ரோடுன்னா சக்கரத்துப் பள்ளத்திலும் படிக்குக் கீழ மட்கார்டிலும் சேறு இருக்கும். நம்ம மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு, காய்ஞ்ச ரோடு கிடைக்கிற மாசம் கொஞ்சம்தான். மலையடி, உங்க ரோடு தார் போட்டதா?

மலையடி:
ஆல்மூட்டுக்கு முன்னால கடைசி வளைவு வரை தார். அங்கிருந்து மண்தான். மழை பெஞ்சா டயர் தடம் அரை அடி ஆழத்துக்குப் பதியும்.

அசைபிரிப்பான்:
அப்போ 'சேறுபட்ட' இருக்கட்டும். அந்த ரோட்டில ஏறி வந்த வண்டின்னு ஒரே சொல்லில வரும்.

மேடைக்குரல்:
டிரைவர்கிட்ட முன்னாலயே வாசிச்சுக் காட்டிருங்க. அவர் சரின்னா எனக்கும் சரி.

வாசிக்கிற முறையையும் சொல்லுதேன். இன்ஜின் ஓடிக்கிட்டிருந்தா இந்த நாலு வரி காணாமப் போயிரும், அணைக்கச் சொல்லுங்க. மெதுவா வாசிச்சாலும் அரை நிமிஷத்துல முடிஞ்சுரும், அதனால ரெண்டு தடவை வாசிக்கணும். 'சீட்டெடுத்தோம்'க்குப் பின்னால மூச்சு நிறுத்தி, 'வேறென்ன'வைத் தனியாச் சொல்லி, இன்னொரு மூச்சு விட்டுட்டு 'நாலு'வுக்குப் போங்க. நிறுத்தாமப் போனா 'வேறென்ன நாலு' என்று கேட்கும். இன்னொண்ணு, 'நடந்தகால் இன்றைக்கு' என்பதைப் பிரிச்சு வாசிங்க. நடந்த காலம்னு மயங்க வாய்ப்பிருக்கு. தேய்ந்தகால்னு வச்சா அந்த மயக்கம் இல்ல. என் ஓட்டு அதுக்கு.

அச்சுமை:
ஃபிளெக்ஸ் பத்தி யாரும் சொல்லல. கடையில நடுவில அடுக்கிப் பெரிய எழுத்துல போடுவாங்க, அகலம் பத்தாட்டா நாலாவது சீரைக் கீழே தள்ளிருவாங்க. 'வேறென்ன' ரெண்டாவது வரிக் கடைசியில இருந்து மூணாவது வரித் தலைக்கு வந்தா, பாட்டு அஞ்சு வரியாத் தெரியும், எதுகையும் கண்ணுக்குப் படாது. இடப்பக்கம் சீரா நிறுத்தச் சொல்லுங்க. ஆறு, சேறு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வரணும். நீளமான வரி முதலும் ரெண்டாவதும், அந்த அகலத்துக்குத் தக்கபடி எழுத்தளவு வைக்கணும்.

இன்னொண்ணு, நீங்க போன்ல தட்டின எழுத்தை அனுப்பினா கடைக்காரர் அவரோட பழைய எழுத்துருவுக்கு மாத்துவாரு. அப்போ 'சீட்டெடுத்தோம்'ல இருக்கிற எகரக் கொம்பும் ஓகாரமும் இடம் மாறி விழும். ப்ரூஃபில அந்தச் சொல்லையும் 'மேலேறி'யையும் எழுத்தெழுத்தாப் பாருங்க. கட்டும்போது வண்டியின் முன் கண்ணாடியிலயோ ஊர்ப்பலகை மேலயோ கட்டாதீங்க, ஆல்மூட்டுத் தூணுல கட்டுங்க.

மலையடி:
டிரைவர் அண்ணனுக்கு இன்னைக்குச் சாயந்திரம் வாசிச்சுக் காட்டினேன். சேறு கிடக்கட்டும், படியைத் துடைக்கேன்னார். மைலா கிலோமீட்டரான்னு கேட்டதுக்கு, ஓடோமீட்டரைப் பார்த்துட்டு, ஆல்மூட்டில இருந்து மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்னார். ஃபிளெக்ஸுக்கு தேய்ந்தகால் அனுப்பிட்டேன். மைக்கில வாசிக்கிறவர் இன்னும் நாலுமைல்தான் வேணும்னு நிக்காரு.